பெயருக்குக் கீழே வரும் நான்கு வரி

வணக்கம் அக்கா,

நேற்று வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய மகளின் ரெசுமேயை இரண்டு முறை படித்தேன். விமான நிலையக் கவுண்டர் வேலைக்கு இரண்டு இடம், விமானப் பணிப்பெண் வேலைக்கு ஒரு இடம் என்று போட்டும் எங்கிருந்தும் அழைப்பு இல்லை. பிள்ளையின் பதற்றப்படாத குணத்தை ரெசுமேயில் எப்படிக் காட்டுவது என்றும், "தோட்டத்துப் பிள்ளை என்று ஒதுக்கிவிட்டார்களோ" என்றும் கேட்டிருந்தீர்கள். அப்படி எங்குமே நடப்பதில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த ரெசுமேயோடு யார் வீட்டுப் பிள்ளை போயிருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பிள்ளையிடம் சரக்கு இருக்கிறது. அது பெயருக்குக் கீழே உள்ள நான்கு வரியில் இல்லை, அவ்வளவுதான்.

அந்த நான்கு வரியில் என்ன எழுதியிருக்கிறார்? கடின உழைப்பாளி, கலகலப்பானவள், நன்றாகப் பேசத் தெரியும், எந்த நெருக்கடியிலும் பதறமாட்டேன், விமானத் துறையில் சாதிக்க ஆசை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரை மேலே போட்டாலும் இது அப்படியே பொருந்தும். பொருந்தினால் அந்த வரி வீண். ஆள் எடுப்பவர் மேலே உள்ள இந்தச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் கீழே போவதா, அடுத்த ஆளை எடுப்பதா என்று முடிவு செய்கிறார்.

அப்புறம் இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரே வரி கிடந்தது: பந்திங்கில் ஒரு கிளினிக் கவுண்டரில் இரண்டு வருட வேலை. இதை ஏன் இங்கே ஒளித்து வைத்தாய் என்று போனில் கேட்டேன். "அது சும்மா கிளினிக் வேலைதானே அங்கிள்" என்றார். சும்மாவா! நாளொன்றுக்கு என்ன செய்வாய் என்று கிளறியபோது ஒவ்வொன்றாக வந்தது. ஒரு நாளைக்கு 70 முதல் 90 பேர் வரை வருகிறார்கள். ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் வாங்கி 12 இலக்கத்தையும் சரிபார்க்க வேண்டும். கம்பெனியே பணம் கட்டும் பேனலில் வருபவர் என்றால் அந்தக் கம்பெனி இன்னும் பேனலில் இருக்கிறதா, கடிதம் கொண்டுவந்தாரா என்று பார்க்க வேண்டும். கடிதம் இல்லாதவரிடம் கோபம் வராதபடி, கையிலிருந்து கட்டச் சொல்ல வேண்டும்.

விமான நிலையச் செக்-இன் கவுண்டரில் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான் அக்கா. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் ஒன்றா, பாஸ்போர்ட் இன்னும் எத்தனை மாதத்துக்குச் செல்லும், போகிற நாட்டுக்கு விசா வேண்டுமா, பெட்டி எடை கூடினால் கூடுதல் கட்டணத்தை எப்படிச் சொல்வது. ஆவணம் சரியில்லாத பயணியை ஏற்றி அனுப்பி, அந்த நாடு அவரைத் திருப்பினால், திரும்பக் கூட்டிவருவது விமான நிறுவனத்தின் தலையில் விழும். பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் அங்கே "சேவை" என்றால் சிரிப்பு மட்டும் இல்லை. சிரித்துக்கொண்டே தப்பைக் கண்டுபிடிப்பவரைத்தான் தேடுகிறார்கள். கிளினிக்கில் அட்டை பார்த்துப் பழகிய கண் உங்கள் மகளுக்கு இருக்கிறது. மேலே முதல் வரியில் வரவேண்டியது அதுதான்.

அடுத்தது மொழி. மலாய், ஆங்கிலம் என்று இரண்டுதான் எழுதியிருக்கிறார். தமிழ் எங்கே என்றால், "அது வீட்டு மொழி, அதை யார் கேட்பாங்க" என்கிறார். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்து, எஸ்பிஎம் பரீட்சையிலும் தமிழ் எடுத்த பிள்ளை! கேஎல்ஐஏ விமான நிலையத்திலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற விமானங்களின் கேட்டில் ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும். வேட்டி கட்டிய தாத்தா, முதல் முறை விமானம் ஏறும் அம்மா, ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் தொழிலாளி, இவர்களில் பலருக்குத் தமிழில் ஒருவர் இரண்டு வார்த்தை சொன்னால் பாதிப் பயம் போய்விடும். நம் பெயரில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று வரும் A/L, A/P இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் பதியும்போது அந்தச் சாய்கோடு ஏறாது. எழுத்துகள் ஒட்டி நிற்கும், அல்லது விட்டுப்போகும். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, போர்டிங் பாஸில் ஒரு மாதிரி இருப்பதைப் பார்த்துப் பெரியவர்கள் பதறிப்போவார்கள். அது ஏன் என்று தமிழில் விளக்கத் தெரிந்த பிள்ளை கவுண்டரில் இருந்தால் மேலதிகாரிக்கு ஒரு தலைவலி குறைவு.

ஆனால் மொழியை எழுதும்போது "சரளம்" என்ற சொல்லை வாரி இறைக்கக் கூடாது. இண்டர்வியூவில் சட்டென்று அந்த மொழிக்கே மாறிவிடுவார்கள். எந்த மொழியை எங்கே பயன்படுத்துகிறார் என்று எழுதினால் போதும், அளவு தானே தெரியும். மாண்டரினில் எண் சொல்லவும் மருந்து எத்தனை வேளை என்று சொல்லவும் பழகியிருக்கிறார். அதை அடிப்படை மாண்டரின் என்று, அந்த அளவுக்கு மட்டும் போடச் சொன்னேன்.

இனி நீங்கள் கேட்ட "பதற்றப்படாத குணம்". அதற்காகத்தான் இந்தக் கடிதமே. பதறமாட்டேன் என்று ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதினால் யார் நம்புவார்கள்? நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மகளிடம் கேட்டேன், ஒன்றுமே நடந்ததில்லை என்றார். கிளினிக்கில் நீ அழுதுவிடுவாய் போல இருந்த நாள் எது என்று மாற்றிக் கேட்டேன். உடனே வந்தது.

ஒரு திங்கள்கிழமை மாலை. கூட வேலை செய்யும் பிள்ளை லீவு, இவர் ஒருவர்தான் கவுண்டரில். இருபது பேர் காத்திருக்கிறார்கள். காய்ச்சலோடு வந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு நாற்காலியிலேயே வலிப்பு வந்துவிட்டது. தாய் அலறுகிறார். இவர் முதலில் டாக்டர் அறைக்கு இண்டர்காமில் சொன்னார். தாயையும் குழந்தையையும் நேரே உள்ளே அழைத்துப் போனார். பிறகு வெளியே வந்து, காத்திருந்தவர்களிடம் முதலில் மலாயிலும் அடுத்துத் தமிழிலும், "அவசரக் கேஸ், டாக்டர் வர இருபது நிமிடமாவது ஆகும்" என்றார். பழைய மருந்தை மட்டும் வாங்க வந்தவர்களைப் பிரித்து மருந்துக் கவுண்டருக்கு அனுப்பினார். வெளியே போய் வர நினைத்தவர்களின் நம்பரைப் பிடித்து வைத்தார். ஒரு பெரியவர் மட்டும் கத்தினார். அவரிடம் எதிர்வாதம் செய்யாமல், "ஐயா, உங்கள் நம்பர் ஆறு, டாக்டர் வந்ததும் நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

இதில் வரிசையைக் கவனியுங்கள் அக்கா. முதலில் உரிய ஆளுக்குத் தகவல், அடுத்து ஆபத்தில் இருப்பவர், பிறகு மற்றவர்களுக்கு உண்மையான நேரம், கடைசியில் கோபப்படுபவர். விமானம் தாமதமானால் கேட்டில் நிற்பவர் செய்யவேண்டியதும் இதுதான். "கொஞ்சம் லேட்" என்று மழுப்பினால் கூட்டம் கொதிக்கும். நேரத்தைச் சொன்னால் முணுமுணுத்துவிட்டு உட்காரும். மலேசிய விதியில் தாமதம் 2 மணி நேரத்தைத் தொட்டாலே பயணிகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். அதைக் கேட்டுச் சண்டை வரும் முன்னே சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல ஊழியர்.

ஒரு எச்சரிக்கை. "மருத்துவ அவசரத்தைக் கையாண்டேன்" என்று எழுதக் கூடாது. கையாண்டவர் டாக்டர். அப்படி எழுதினால், முதலுதவிச் சான்றிதழ் எங்கே, வலிப்பு வந்தவரை எப்படிப் படுக்க வைப்பாய் என்று கேள்வி வரும், அங்கேயே மாட்டிக்கொள்வார். தான் செய்ததை மட்டும் எழுதினால், எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் நினைவிலிருந்து வரும். கிளினிக் பெயரோ, அந்தக் குழந்தை யார் என்று தெரியும்படியான விவரமோ வேண்டாம். நோயாளி ரகசியத்தை வெளியே சொல்பவர் என்று எண்ணிவிடுவார்கள்.

சரி, இப்போது நான்கு வரி. ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டும், ஆனால் விஷயம் இது:

"பந்திங்கில் ஒரு கிளினிக் கவுண்டரில் இரண்டு வருடம்; நாளுக்கு 70 முதல் 90 பேரின் பதிவு, அடையாள அட்டைச் சரிபார்ப்பு, பேனல் கடிதம், கட்டணம். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் தினமும் வாடிக்கையாளரோடு பேசுகிறேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். மாண்டரின் அடிப்படை அளவில். தனியாகக் கவுண்டரில் இருந்தபோது ஒரு குழந்தைக்கு வலிப்பு வர, மருத்துவரை அழைத்து, காத்திருந்த 20 பேருக்கு இரு மொழியில் தாமதத்தை விளக்கி, வரிசையைக் கலையாமல் நடத்தினேன். ஷிப்ட் வேலைக்குத் தயார். பி2 லைசென்ஸ், சொந்த மோட்டார் சைக்கிள் உண்டு."

கடைசி வரியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அதிகாலை 4 மணிக்கு ஷிப்ட் தொடங்கினால் பந்திங்கிலிருந்து கேஎல்ஐஏவுக்கு ரயில் இல்லை. எப்படி வருவாள் என்ற சந்தேகத்திலேயே சிலரை விட்டுவிடுவார்கள். இரவில் தனியாக அந்த ரோட்டில் மோட்டாரில் போவதற்கு நீங்கள் சம்மதமா என்பதை முதலில் வீட்டில் பேசி முடியுங்கள். சம்மதமில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, விமான நிலையம் பக்கம் அறை எடுத்துத் தங்குவேன் என்று போடலாம்.

விமானப் பணிப்பெண் வேலைக்கு இதே நான்கு வரியை அனுப்பக் கூடாது. அங்கே மோட்டாருக்கு வேலையில்லை. பொதுவாக 50 இருக்கைக்கு ஒரு பணியாளர் என்று விதி வைத்திருப்பது சாப்பாடு பரிமாற அல்ல. பாதி வாசல்கள் மூடியிருந்தாலும் 90 விநாடியில் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் பெரிய பயணிகள் விமானத்துக்கு அனுமதியே கிடைக்கும். அந்த வெளியேற்றத்தை நடத்துபவர் இவர்தான். அதனால் வலிப்புச் சம்பவம் முதல் வரிக்கு வரட்டும், அட்டைச் சரிபார்ப்பு மூன்றாவதாகப் போகட்டும். கடைசி வரியில் விளம்பரம் கேட்டதற்கு நேர் பதில்: உயரம், கை எட்டும் அளவு, நீச்சல். நீச்சல் தெரியாது என்கிறார். கேட்டிருக்கும் விளம்பரத்துக்குத் தெரியும் என்று போட வேண்டாம். ஒரு முதலுதவிப் பயிற்சியையும் முடித்துவிட்டால், அடுத்த முறை அந்தச் சம்பவ வரி இன்னும் கனமாக நிற்கும். செஞ்சிலுவைப் பணி செய்யும் நம் புலான் சபிட் மேராவும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் நடத்துகிறார்கள்.

சனிக்கிழமை மாலை மகளை வீட்டுக்கு அனுப்புங்கள். என் மனைவி கோபக்காரப் பயணியாக உட்காருவார், பெட்டி எடை 4 கிலோ கூடுதல். எந்த மொழியில் கத்துவார் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டேன்.