வீடியோ காலிங் பெல்: பாப்பா எழாமல், போனில் மட்டும் அடிக்க வைப்பது எப்படி?

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் வீவக வீட்டுக்கு வீடியோ காலிங் பெல் வாங்கியிருக்கிறோம். பாப்பா தூங்கும்போது வீட்டுக்குள் சத்தம் வரக்கூடாது. ஆனால் எனக்கும் அவருக்கும் திருச்சியில் இருக்கும் அம்மாவுக்கும் போனில் தெரிய வேண்டும். எப்படி செட் பண்ணுவது?

பதில்: பட்டனை அழுத்தினால் சத்தம் மூன்று இடங்களில் வரும். வாசலில் இருக்கும் பெல்லே ஒரு சின்ன ஒலி கொடுக்கும், வீட்டுக்குள் பிளக்கில் செருகிய சைம் அடிக்கும், போன்களும் அடிக்கும். மூன்றுக்கும் தனித்தனி செட்டிங். இது தெரியாமல் நான் இரண்டு வாரம் திண்டாடினேன். செயலியில் 'Volume' என்று கண்ணில் பட்டதைப் பூஜ்ஜியம் ஆக்கிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அது வாசல் பெல்லின் ஸ்பீக்கருக்கு உரியது. நான் போனில் "பார்சலை அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்" என்று கத்தியது டெலிவரிக்காரர் காதில் விழவில்லை. அவர் மறுபடி அழுத்த, உள்ளே சைம் முழுச் சத்தத்தில் அடித்தது. பையன் எழுந்துவிட்டான்.

சரி, முதலில் இணைப்பு. பெல்லை வாசலில் மாட்டிவிட்டு இணைக்க முயலாதீர்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இணையுங்கள். இந்த பெல்களில் பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். உங்கள் ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுத்து, பெல் சேர மறுத்தால், ரவுட்டரின் செயலியில் 5-ஐச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு இணையுங்கள், பிறகு போட்டுக்கொள்ளலாம். ஐபோன் என்றால் செயலியைத் திறந்ததும் 'Local Network' அனுமதி கேட்கும். நம்மில் பலர் பழக்கத்தில் வேண்டாம் என்று தட்டிவிடுவோம். அப்புறம் "சாதனம் கிடைக்கவில்லை" என்றே வந்துகொண்டிருக்கும். Settings, Privacy & Security, Local Network என்று போய் அதைத் திறந்துவிடலாம்.

இணைந்ததும் வாசலுக்குக் கொண்டுபோய், மரக்கதவையும் இரும்பு கேட்டையும் சாத்திவிட்டு நேரலைப் படம் வருகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ரவுட்டர் பாம் ஷெல்டருக்குள் இருந்தது. அந்தக் கான்கிரீட் சுவரும் கனமான இரும்புக் கதவும் வைஃபையை விழுங்கிவிடும். சிக்னல் அளவைச் செயலியே காட்டும், மைனஸ் எண்ணாக. பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. சாப்பாட்டு மேசையில் -48 காட்டிய பெல், கதவுகளைச் சாத்திய பிறகு வாசலில் -76 காட்டியது. அந்த நிலையில் பட்டன் அழுத்தி ஏழெட்டு வினாடி கழித்துத்தான் போன் அடிக்கும், அதற்குள் வந்தவர் மின்தூக்கிக்குள் போயிருப்பார். நீளமான கேபிள் வாங்கி ரவுட்டரை டிவி மேசைக்கு மாற்றினேன், -61 ஆனது. அதன்பிறகு தொல்லை இல்லை. -70-ஐத் தாண்டி -80 பக்கம் போனால் தகராறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெல்லின் வயரில் இதைக் கொடுக்கலாமா என்று தோன்றும். தொடாதீர்கள். பல வீடியோ பெல்கள் 8 முதல் 24 வோல்ட் வரை கேட்பவை. இங்கே சில வீடுகளில் பழைய பெல்லுக்கு 230 வோல்ட் நேராகவே போகும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்னால் தவிர, பேட்டரி மாடலே போதும்.

இப்போது சைம். செயலியில் பெல்லைத் திறந்து தேடினால் சைமின் சத்தம் பல சமயம் அங்கே இருக்காது. முகப்பில் சைம் தனிச் சாதனமாக நிற்கும், அதைத் திறந்தால்தான் சத்த அளவு, ராகம், 'Do Not Disturb' அல்லது 'Snooze' கிடைக்கும். நேர அட்டவணை இருந்தால் பாப்பாவின் தூக்க நேரத்தைப் போட்டுவிடுங்கள். நான் மதியம் 1 முதல் 3.30 வரையும் இரவு 7.30-க்கு மேலும் போட்டிருக்கிறேன். அட்டவணை இல்லாவிட்டால் பிளக் சுவிட்சை அணைத்தால் ஆயிற்று என்பார்கள். அது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சில மாடல்களில் சைம்தான் பெல்லுக்கும் வைஃபைக்கும் நடுவில் நிற்கும் பாலம். அதை அணைத்தால் போனுக்கும் எதுவும் வராது. கண்டுபிடிப்பது எளிது: செட் பண்ணும்போது முதலில் சைமைச் சேர்க்கச் சொன்னதா, அதில் மெமரி கார்டு துளையோ நெட்வொர்க் கேபிள் துளையோ இருக்கிறதா? இருந்தால் அது பாலம். அணைக்காமல் சத்தத்தை மட்டும் பூஜ்ஜியமாக்குங்கள்.

வாசல் பெல்லின் ஒலியைக் குறைக்கலாம், முற்றிலும் நிறுத்த வேண்டாம். ஒலி கேட்காவிட்டால் வருபவர் பெல் வேலை செய்யவில்லை என்று நினைத்து கேட்டைத் தட்டுவார். அந்தச் சத்தத்துக்கு சைமே தேவலை.

சைம் அமைதியாகிவிட்டதால் இனி போனை நம்பித்தான் இருக்கிறீர்கள். ஐபோனில் Focus போடும் பழக்கம் இருந்தால் இந்தச் செயலியை அனுமதிக்கப்பட்ட செயலிகளின் பட்டியலில் சேருங்கள். ஆண்ட்ராய்டில் செயலியின் பேட்டரி அமைப்பை 'Unrestricted' ஆக்குங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்து சிறிது நேரம் ஆனதும் போன் செயலியைத் தூங்க வைத்துவிடும், நீங்கள் போனைக் கையில் எடுத்ததும் பழைய அறிவிப்புகள் மொத்தமாக வந்து விழும். அப்படி வந்தால் பெல்லில் கோளாறு இல்லை, போனில்தான்.

குடும்பத்துடன் பகிர்வதற்கு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்குதான் உரிமையாளர். வீட்டுக்காரருக்கும் அம்மாவுக்கும் தனித்தனிக் கணக்கு தொடங்கச் சொல்லி, 'Share' அல்லது 'Family' பகுதியிலிருந்து அழைப்பு அனுப்புங்கள். பணிப்பெண்ணுக்குக் கொடுத்தாலும் இப்படித்தான். அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அவர் பெயரை மட்டும் எடுத்துவிடலாம்.

அம்மா விஷயத்தில் ஒரு சிக்கல் வரலாம். என் அம்மாவுக்கு நான் அழைப்பு அனுப்பியபோது "அப்படி ஒரு கணக்கே இல்லை" என்று வந்தது. மின்னஞ்சலை நாலு தடவை சரிபார்த்தேன், தப்பே இல்லை. காரணம், அம்மா கணக்கு தொடங்கும்போது நாடு என்ற இடத்தில் இந்தியா தேர்ந்தெடுத்திருந்தார். பல செயலிகளில் ஒவ்வொரு வட்டாரத்தின் கணக்குகளும் வேறு வேறு சர்வரில் இருக்கும், ஒன்று மற்றொன்றைப் பார்க்காது. தொடங்கிய பிறகு நாட்டை மாற்றவும் பெரும்பாலும் முடியாது. வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, "அம்மா, அதிலிருந்து வெளியே வாங்க, புதுசா ஒண்ணு போடுவோம், நாடு கேட்டால் சிங்கப்பூர்" என்று சொன்னேன். அடுத்த நிமிடமே அழைப்பு போய்விட்டது.

மறுநாள் அம்மாவிடமிருந்து போன். "ஏன்டா, காலங்காத்தால அஞ்சரை மணிக்கு உங்க வீட்டு வாசல்ல யாருடா?" இங்கே எட்டு மணி, பக்கத்து வீட்டு மாமா நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். அசைவு அறிவிப்பு ஒவ்வொரு போனுக்கும் தனி. அம்மாவின் போனில் 'Motion' அறிவிப்பை நிறுத்தி, பட்டன் அழுத்தினால் வருவதை மட்டும் விட்டுவைத்தோம். உங்கள் போனிலும் அசைவுப் பகுதியைச் சுருக்கி, உங்கள் கேட்டுக்கு முன்னால் உள்ள இரண்டடி இடத்தோடு நிறுத்துங்கள். பேட்டரியும் கூடுதல் நாள் வரும்.

கேமரா எதிர்வீட்டுக் கதவையோ ஜன்னலையோ பார்க்கக் கூடாது. 2023 மே முதல், வீட்டுக்குள் பொருத்தி நடைபாதையைப் பார்க்கும் கேமராவுக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வெளியே பொருத்துவதென்றால் நகர மன்றத்திடம் முதலில் கேளுங்கள். எங்களுக்கு எதிர்வீடு நேர் எதிரே இருந்ததால், பெல்லைச் சாய்த்து மாட்ட ஆப்பு வடிவத் துண்டு ஒன்றைப் பயன்படுத்தினோம். பல மாடல்களில் பெட்டிக்குள்ளேயே இருக்கும், தேடிப் பாருங்கள்.