மூன்றுக்கு மூன்று மீட்டர் ஸ்டால்: நடந்து வருபவரின் கண்ணால் வரைந்து பார்த்தல்

வால்வு தயாரிப்பாளர்: சிறிய வால்வுகள் செய்கிறோம். ஒரு கண்காட்சியில் மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு என 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடம் கிடைத்திருக்கிறது. முகப்பில் 2 மீட்டர் கவுண்டர், பின்சுவர் முழுக்க பேனர் என்று முப்பரிமாணப் படம் வரைந்தோம். படம் அழகாக வந்திருக்கிறது. இப்படியே செய்யலாமா?

பதில்: அந்தப் படத்தை நேர் எதிரே நின்று பார்ப்பதுபோல் வரைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கண்காட்சிக்கு வருபவர் உங்கள் ஸ்டாலை முதலில் அப்படிப் பார்ப்பதில்லை. நடைவழியில் பக்கவாட்டாக வந்துகொண்டிருக்கும்போதே பார்க்கிறார், நிற்பதா கடப்பதா என்பதையும் பெரும்பாலும் அப்போதே முடிவு செய்துவிடுகிறார். ஆகவே அந்த முப்பரிமாணப் படத்தின் கேமராவை 1.6 மீட்டர் உயரத்தில், ஸ்டாலின் முகப்பிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி நடைவழியில் வைத்து, இடமிருந்து வலமாக நகர்த்திப் பாருங்கள்.

உங்கள் இடச்சுவரின் விளிம்புக்கு 3 மீட்டர் முன்பே நிற்கும் ஒருவருக்கு, அந்த விளிம்பைத் தாண்டி வலச்சுவரின் முன்பாதி மட்டுமே தெரியும். பின்சுவரின் ஓரம் கண்ணில் படத் தொடங்குவதற்கு அவர் 1.5 மீட்டர் வரை நெருங்கியிருக்க வேண்டும். பின்சுவர் முழுவதும் தெரிவதோ, அவர் ஸ்டாலின் முகப்பை எட்டிய பிறகுதான். ஆகக் கூடுதலாகச் செலவழித்த பேனர் ஆகக் கடைசியாகத் தெரிகிறது. கூட்டம் இடப்பக்கமிருந்து வரும் என்று கூடத்தின் வரைபடத்தில் தெரிந்தால், வலச்சுவரின் முன்பாதிதான் உங்களுடைய உண்மையான முகப்பு. வெட்டி உட்புறம் காட்டும் வால்வு, நாலைந்து சொற்களில் என்ன செய்கிறீர்கள் என்ற வரி, இரண்டும் அங்கே வர வேண்டும். வலப்பக்கமிருந்து வந்தால் எல்லாவற்றையும் இடப்பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கவுண்டர். சுவர்ப் பலகைகளின் தடிமன் போக உள் அகலம் ஏறத்தாழ 2.95 மீட்டர் இருக்கும். அதில் 2 மீட்டரைக் கவுண்டர் அடைத்தால் நுழைய 0.95 மீட்டர்தான் மிஞ்சும். நிற்கும் ஒருவருக்கு 60 சென்டிமீட்டர் தேவை. ஒருவர் அந்த வழியில் நின்று பேசத் தொடங்கினாலே பின்னால் வருபவருக்கு வழி அடைபட்டுவிடும். படத்தில் இது தெரியாததற்குக் காரணம், அதில் மனிதர்களே இல்லை என்பதுதான். அதே கவுண்டரை வலச்சுவரை ஒட்டி நீளவாக்கில் திருப்புங்கள். கவுண்டரின் 50 சென்டிமீட்டர் ஆழமும் அதன் முன் நிற்பவரின் 60 சென்டிமீட்டரும் போக, இன்னும் 1.85 மீட்டர் இருக்கிறது. இருவர் ஒருவரையொருவர் தாராளமாகக் கடக்கலாம். உங்கள் ஆள் கவுண்டருக்குப் பின்னால் நிற்காமல், அதன் உட்கோடியில் வருபவரின் பக்கத்தில் நிற்பார். மாதிரிப் பெட்டிகளும் கையேடுகளும் கவுண்டரின் பூட்டுள்ள கீழ் அறைக்குள் போகட்டும்.

இந்த அளவில் ஆறு மனித உருவங்களை நிறுத்தி மறுபடி படம் எடுங்கள்: இருவர் உங்கள் ஆட்கள், இருவர் பேசுகிறவர்கள், ஒருவர் நுழைகிறவர், ஒருவர் கடந்து செல்கிறவர். பேனரில் எந்தெந்த எழுத்துகள் தோள்களுக்குப் பின்னால் மறைகின்றன என்பது அப்போது தெரியும். இடுப்புயரத்துக்குக் கீழே வைத்த எதையும் யாரும் படிக்கப்போவதில்லை.

அச்சகம் நடத்துபவர்: எழுத்து பெரிதாக இருந்தால் எந்தச் சுவரில் இருந்தாலும் கண்ணில் படும். கூடவே முகப்பின் இடது ஓரத்தில் உருட்டி விரிக்கும் பேனர் ஒன்றை நிறுத்தினால் போதாதா?

பதில்: எழுத்தளவு பற்றி நீங்கள் சொல்வது சரிதான். 3 மீட்டர் தொலைவிலிருந்து நடந்தபடி படிக்க வேண்டிய எழுத்து குறைந்தது 2.5 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். தலைப்பு வரி அதைப்போல் பல மடங்கு பெரிதாக இருக்கலாம். ஆனால் பார்வைக்கோட்டில் இல்லாத சுவரை எழுத்தளவு காப்பாற்றாது. இடது ஓரத்தில் 85 சென்டிமீட்டர் அகலப் பேனரை நிறுத்தினால், இடமிருந்து வருபவருக்கு அது இடச்சுவரின் நீட்சியாகவே ஆகி, வலச்சுவரில் தெரிந்த பகுதியிலும் கொஞ்சத்தை மறைத்துவிடும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் பின்மூலையில் நிறுத்துங்கள்.

அச்சிடுபவர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். சுவர்ப் பலகைகளுக்கு நடுவே அலுமினியத் தூண்கள் தெரியும். ஒவ்வொரு பலகையிலும் கண்ணுக்குத் தெரியும் அகலத்தை அமைப்பாளரின் கையேட்டில் பார்த்து, அந்தத் தூண்களையும் படத்தில் வரைந்த பிறகே எழுத்துகளை அடுக்குங்கள். நிறுவனத்தின் பெயர் நடுவில் ஒரு தூண் வெட்டிப் போவதை அச்சான பிறகு பார்ப்பது மிகவும் வேதனை.

உள்ளரங்க வடிவமைப்பு மாணவர்: பின்னணியை இருட்டாக்கி எட்டு ஸ்பாட்லைட் வைத்தேன். பித்தளைப் பொருள்கள் நகைபோல் மின்னுகின்றன. வாடிக்கையாளருக்கும் மிகவும் பிடித்திருக்கிறது. இதில் ஏதாவது பிழை உண்டா?

பதில்: இருட்டுத்தான் பிழை. கண்காட்சிக் கூடத்தின் மேல்விளக்குகள் நாள் முழுவதும் எரியும். அவற்றை நீங்கள் அணைக்க முடியாது. படத்திலும் மேலிருந்து பரவலான ஒரு வெளிச்சத்தைச் சேர்த்து, அதற்குப் பிறகு ஸ்பாட்லைட்டுகளைப் போடுங்கள். இருட்டில் மின்னியவற்றில் பாதி அதில் கரைந்துபோகும். மிஞ்சியிருப்பதே வாடிக்கையாளர் நாளை காணப்போவது. விளக்குத் தயாரிப்பாளர்கள் தரும் `.ies` கோப்பைப் பயன்படுத்தினால் ஒளி பரவும் விதம் உண்மைக்கு நெருக்கமாக வரும்.

எட்டு விளக்குகளைவிட, சரியான இடத்தில் மூன்று மேல். விளக்கு 2.4 மீட்டரிலும் கவுண்டரின் மேற்பரப்பு 1 மீட்டரிலும் இருந்தால் இடைவெளி 1.4 மீட்டர். நேர்கீழாக விழும் 24 பாகை ஒளிக்கற்றை அங்கே ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் வட்டமாக விழும். 36 பாகை என்றால் 90 சென்டிமீட்டர். ஒரு பொருளைத் தனித்துக் காட்ட முதலாவது, வரிசையாக வைத்தவற்றுக்கு இரண்டாவது.

விளக்கை முகப்புச் சட்டத்தில் மாட்டி உள்நோக்கித் திருப்புவது எளிது என்பதால் பலரும் அப்படிச் செய்கிறார்கள். பொருளைக் குனிந்து பார்க்கும் ஒருவரை அந்த விளக்கின் முன் நிறுத்திப் படம் எடுங்கள். அவருடைய நிழலே பொருளின்மேல் விழக்கூடும். கவுண்டர் ஒட்டியிருக்கும் சுவரின் மேல்சட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டர் நீளும் கம்பியின் நுனியில் விளக்கு இருந்தால், ஒளி பார்ப்பவரின் தலைக்கு முன்னால் இறங்கும். ஆனால் பளபளப்பான பித்தளையில் அந்த ஒளி கண்ணுக்கே திரும்பி அடிக்கவும் வாய்ப்புண்டு. பொருளின் வளைவைப் பொறுத்தது என்பதால் இதைப் படத்தை மட்டும் நம்பி விடாதீர்கள். உண்மையான ஒரு துண்டையும் ஒரு விளக்கையும் மேசையில் வைத்து, சாய்வை மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

அதே மாணவர்: கேமராவின் கோணம் எவ்வளவு இருக்க வேண்டும்? அகலமாக வைத்தால்தான் ஸ்டால் முழுவதும் வருகிறது.

பதில்: நடைவழி 3 மீட்டர் என்றால், அதன் மறுகரையில் நிற்பவருக்கு 3 மீட்டர் முகப்பு சுமார் 53 பாகைக்குள் அடங்கிவிடும். அங்கிருந்து எடுத்த படத்தில் பக்கத்து ஸ்டால்கள் இரண்டும் முழுதாகத் தெரிகின்றன என்றால் கோணம் அளவுக்கு மீறியது. அத்தகைய படத்தில் ஒன்பது சதுர மீட்டர் ஒரு மண்டபமாகத் தோன்றும்.

மூலை ஸ்டால் எடுத்தவர்: எங்களுக்கு இரண்டு பக்கம் திறப்பு. வருபவர்கள் உட்கார்ந்தால்தான் விலை பேசுவார்கள் என்பது எங்கள் அனுபவம். மேசையும் நான்கு நாற்காலிகளும் போட இருக்கிறோம்.

பதில்: மூலை ஸ்டாலில் மேலே சொன்ன பார்வைக்கோடுகள் மாறும், இரண்டு நடைவழிகளிலும் கேமராவைத் தனித்தனியே நகர்த்த வேண்டும். திறந்த மூலையில் மேல்சட்டத்தைத் தாங்கும் தூண் ஒன்று வருவது வழக்கம். அது உங்கள் படத்தில் இல்லையென்றால் முதலில் அதைச் சேருங்கள், ஏனெனில் பலர் அந்த இடத்தில்தான் இயந்திரத்தை வைக்கத் திட்டமிடுகிறார்கள்.

நாற்காலிகளைப் பொறுத்தவரை நான் உயரமான சிறு மேசையையும் இரண்டு உயர முக்காலிகளையும் விரும்புகிறேன். உட்கார்ந்தவரின் கண்ணும் நின்றவரின் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும், இடமும் குறையும். நீண்ட பேச்சு தேவைப்படும் தொழிலில் உங்கள் அனுபவம் சரியாக இருக்கலாம் என்பதை மறுக்க மாட்டேன். எது பொருந்தும் என்பதை, நாற்காலிகளைப் பின்னுக்கு இழுத்து ஆட்கள் உட்கார்ந்திருக்கும் நிலையில் வரைந்து பார்த்து முடிவு செய்யுங்கள். உள்ளே தள்ளி வைத்த நாற்காலி படத்தில் பிடிக்கும் இடத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, ஆள் அமர்ந்த நாற்காலிக்குத் தேவைப்படும்.