நட்சத்திரப் பிரமிடும் எண் பிரமிடும்: முதல் செமஸ்டர் கேள்வி பதில்

"அக்கா, செங்கோண முக்கோணம் போட்டுடுவேன். பிரமிடுன்னு கேட்டா கை ஓடல. அந்த 2*i-1 எங்கிருந்து வருது? மனப்பாடம் பண்ணிடவா?"

வேண்டாம்மா. மனப்பாடம் பண்ணினா, கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டதும் மாட்டிக்குவீங்க. கோடு எழுதுறதுக்கு முன்னாடி நோட்டில் 5 வரிப் பிரமிடு ஒன்று வரைங்க. ஸ்பேஸ் வர்ற இடத்தில் புள்ளி வைங்க.

```
....*
...***
..*****
.*******
*********
```

இப்போ எண்ணுங்க. புள்ளி 4, 3, 2, 1, 0. வரி எண்ணையும் புள்ளியையும் கூட்டினா எப்பவும் 5. மொத்த வரி n, வரி எண் i என்று வைச்சா ஸ்பேஸ் `n - i`. நட்சத்திரம் 1, 3, 5, 7, 9. வரிக்கு வரி 2 கூடுது, அதனால் `2 * i`. ஆனா முதல் வரியில் அது 2 ஆகிடும், நமக்கு வேண்டியது 1. ஒன்றைக் கழிச்சா `2 * i - 1`. எந்த வடிவம் கேட்டாலும் இதே மாதிரி எண்ணி, i-யோடு இணைச்சாப் போதும்.

```c
for (i = 1; i <= n; i++) {
    for (j = 1; j <= n - i; j++)
        printf(" ");
    for (j = 1; j <= 2 * i - 1; j++)
        printf("*");
    printf("\n");
}
```

உள்ளே இருக்கிற இரண்டு லூப்பும் அடுத்தடுத்து வரணும், ஒன்றுக்குள் ஒன்று இல்லை. 'நெஸ்டட்' என்று கேட்டதும் நட்சத்திர லூப்பை ஸ்பேஸ் லூப்புக்குள்ளே வைக்கிறவங்க நிறைய பேர். அப்படி வைச்சா கடைசி வரி காலியா வரும். அங்கே ஸ்பேஸ் 0, அதனால் அந்த லூப் ஒரு தடவைகூட ஓடாது, உள்ளே இருக்கிற நட்சத்திரமும் வராது. அடிவரி காலியா இருந்தா முதலில் இதைப் பாருங்க.

"2*i-1 எல்லாம் தேவையே இல்லைங்க. நட்சத்திரத்துக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டு, i தடவை மட்டும் ஓட்டினாலே பிரமிடு வந்துடும். நான் அப்படித்தான் எழுதறேன்."

வரும், பாதி சரி. `printf("* ")` என்று i தடவை அச்சடிச்சா ஒவ்வொரு நட்சத்திரமும் இரண்டு இடம் பிடிக்கும். முன்னால் விடுற ஸ்பேஸ் வரிக்கு ஒன்றுதான் குறையும். அதனால் மேல்வரி நட்சத்திரம் கீழ்வரியில் இரண்டுக்கு நடுவில் போய் உட்காரும். ஆனா அது வேறு படம். அடிவரியில் 9 இல்லை, 5 நட்சத்திரம்தான். கேள்வித்தாளில் எந்தப் படம் போட்டிருக்காங்கன்னு எண்ணிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

இன்னொன்று, வரிக் கடைசியிலும் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கும். திரையில் தெரியாது, ஆனா தானாகத் திருத்துற தளங்களில் சிலது அதையும் தவறுன்னு சொல்லும். முன்னால் விடுறதையும் இரண்டு ஸ்பேஸ் ஆக்கிட்டா பிரமிடு போய், வலப்பக்கம் ஒட்டின செங்கோண முக்கோணம் கிடைக்கும்.

"ஆனா எங்க லேப்ல இதுக்கு மார்க் குறைச்சுட்டாங்களே? அவுட்புட் பிரமிடுதானே?"

அது திருத்துறவரைப் பொறுத்தது தம்பி. படம் கொடுக்காம 'பிரமிடு' என்று மட்டும் கேட்டிருந்தா இரண்டும் சரின்னுதான் நான் சொல்வேன். எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க. எழுதுறதுக்கு முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுக்கிறது நல்லது.

"எரர் எதுவும் வரல மேடம். ஆனா வரிக்கு ஒரே ஒரு நட்சத்திரம், சாய்வா கீழே இறங்குது. என் ஃப்ரெண்டுக்கு எல்லாமே ஒரே வரியில வருது. கம்ப்யூட்டர்ல பிரச்சினையா?"

கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை. உங்க நட்சத்திர லூப்பின் அடைப்புக்குறி முடிஞ்சதும் ஒரு செமிகோலன் இருக்கும் பாருங்க.

```c
for (j = 1; j <= 2 * i - 1; j++);
    printf("*");
```

அந்தச் செமிகோலனோடு லூப் முடிஞ்சுபோச்சு. அது ஒன்றும் செய்யாமல் சும்மா சுற்றிட்டு வரும், அப்புறம் `printf` ஒரே தடவை ஓடும். சி மொழியில் காலியான லூப் செல்லும், அதனால்தான் எரர் வரல. ஸ்பேஸ் மட்டும் சரியா குறையுறதால் சாய்கோடு தெரியுது.

ஃப்ரெண்டோட வரியில் 10 ஸ்பேஸும் 11 நட்சத்திரமும் இருந்தா, வெளி லூப்புக்குப் பிரேஸ் போடலைன்னு அர்த்தம். பிரேஸ் இல்லாட்டி ஸ்பேஸ் லூப் மட்டும்தான் வெளி லூப்பைச் சேரும். 4+3+2+1+0 என்று 10 ஸ்பேஸ் ஒரே வரியில் விழும். லூப்பை விட்டு வெளியே வரும்போது i 6 ஆகியிருக்கும், அதனால் 2×6−1 = 11 நட்சத்திரம்.

4 ஸ்பேஸ், 9 நட்சத்திரம்னு ஒரே வரி வந்தா ஸ்பேஸ் லூப்பில் `j++`க்குப் பதில் `i++` விழுந்திருக்கும். அதே பிழை நட்சத்திர லூப்பில் இருந்தா i ஏறிக்கிட்டே போகும், j 1-லேயே நிற்கும், நட்சத்திரம் கொட்டிக்கிட்டே இருக்கும். Ctrl+C அழுத்தி நிறுத்துங்க.

"1, 121, 12321 பிரமிடு. எனக்கு நடு எண் ரெண்டு தடவை வருது: 11, 1221..."

இறங்குற லூப்பை i-யில் ஆரம்பிச்சிருக்கீங்க. ஏறும்போதே i அச்சாகிடுச்சு, அதனால் `i - 1`-ல் தொடங்கணும். பிரமிடு கோடில் நட்சத்திர லூப்பை எடுத்துட்டு இதைப் போடுங்க, ஸ்பேஸ் லூப் அப்படியே இருக்கட்டும்.

```c
for (j = 1; j <= i; j++)
    printf("%d", j);
for (j = i - 1; j >= 1; j--)
    printf("%d", j);
```

முதல் வரியில் இரண்டாவது லூப் ஓடாது, அது பிழை இல்லை. `j` இடத்தில் `i` அச்சடிச்சா 1, 222, 33333 என்று வரும். சில கேள்வியில் அதைத்தான் கேட்பாங்க.

n = 10 கொடுத்துப் பார்த்தா வடிவம் கோணிக்கும், ஏன்னா 10-க்கு இரண்டு இடம் வேணும். `%d`-ஐ `%3d` ஆக்கி, முன்னால் விடுற ஸ்பேஸையும் மூன்றாக்குங்க. ஒன்றை மட்டும் மாற்றினா நேராகாது.

"1, 2 3, 4 5 6 னு தொடர்ந்து போகணும். எனக்கு ஒவ்வொரு வரியும் 1லயே ஆரம்பிக்குது."

ஃப்ளாய்ட் முக்கோணம். `k = 1`-ஐ வெளி லூப்புக்கு உள்ளே வைச்சிருப்பீங்க, வரிக்கு வரி அது திரும்ப 1 ஆகுது. இரண்டு லூப்புக்கும் மேலே ஒரே தடவை எழுதுங்க, உள் லூப்பில் `k++`. 5 வரிக்குக் கடைசி எண் 15 வரணும்.

"எங்களுக்குப் பைத்தான்தான். print(" "*(n-i) + "*"*(2*i-1)) னு ஒரே வரியில முடியுது. இத்தனை லூப் எதுக்கு?"

அவுட்புட் சரிதான். ஆனா கேள்வியில் நெஸ்டட் லூப் என்று இருந்தா உள் லூப்பை எழுதியே ஆகணும்: `print("*", end="")`. `end` விட்டுப்போனா ஒவ்வொரு நட்சத்திரமும் தனி வரிக்குப் போயிடும். வெளி லூப்பில் `range(1, n)` எழுதினா n-க்கு முன்னாடியே நின்று அடிவரி காணாமல் போகும். `range(1, n + 1)` எழுதுங்க.

"டைமண்டுக்குக் கீழ்ப்பாதி புதுசா ஃபார்முலா கண்டுபிடிக்கணுமா அக்கா?"

தேவையில்லை. அதே இரண்டு உள் லூப்பையும் `printf("\n")`-ஐயும் அப்படியே திரும்ப எழுதி, வெளி லூப்பை மட்டும் `for (i = n - 1; i >= 1; i--)` ஆக்குங்க. n = 5-க்கு மொத்தம் 9 வரி வரணும். 10 வரி வந்தா n-லேயே தொடங்கியிருக்கீங்க, 9 நட்சத்திர வரி நடுவில் இரண்டு தடவை இருக்கும்.