எட்டு சதவீதம் என்று வைத்தேன், போனது ஒன்பதரை

வேலந்தாவளத்திலிருந்து: தேங்காய் விற்ற பணத்தில் 250 ரூபாய்க்கு 100 பங்கு வாங்கினேன். 8 சதவீதம் கீழே, 230-க்கு இறங்கினால் தானாக விற்றுவிடும்படி ஸ்டாப் லாஸ் வைத்தேன். அதே விலையில்தான் விற்றது. 2,000 போகும் என்று பார்த்தால் 2,350-க்கு மேல் போயிருக்கிறது. எப்படி அண்ணா?

பங்கு விலையை மட்டும் பார்த்திருக்கிறீர்கள், தம்பி. உங்கள் புரோக்கரேஜ் அரை சதவீதம். வாங்கும்போது 125, விற்கும்போது 115. அதற்கு ஜி.எஸ்.டி. 43 ரூபாய். பங்கு வாங்கி விற்பதற்கான வரி எஸ்.டி.டி., இரண்டு பக்கமும் சேர்ந்து 48. முத்திரைத் தீர்வை, டிமேட் கட்டணம் என்று இன்னும் 25 வரும். மொத்தம் 356.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 2,000-க்கு மேல் இழக்கக் கூடாது என்றால் முதலில் செலவுக்கு 360 எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சம் 1,640. பங்குக்கு 16.40 வரை இறங்கலாம். ஸ்டாப் லாஸ் 233.60.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: என் ஆப்பில் டெலிவரிக்குப் புரோக்கரேஜே கிடையாது. எனக்கு 230 போதும்தானே?

முக்கால்வாசி சரி. எஸ்.டி.டி.யும் முத்திரைத் தீர்வையும் யாரையும் விடாது, டிமேட் கட்டணமும் பெரும்பாலும் உண்டு. இதே 100 பங்குக்கு 70, 75 ரூபாய் ஆகும். 230.75 வையுங்கள்.

எருத்தேம்பதியிலிருந்து: நான் 10 பங்குதான் வாங்கினேன், அதே 250-க்கு. குறைந்தபட்சப் புரோக்கரேஜ் 25 ரூபாய் என்கிறார்கள். நானும் 233.60 வைக்கட்டுமா?

வேண்டாம் அக்கா, உங்கள் கணக்கு வேறு. 2,500-க்கு 8 சதவீதம் 200 ரூபாய்தான். அதில் புரோக்கரேஜ் 50, மற்றதெல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 84 செலவுக்கே போய்விடும். மிச்சம் 116. ஸ்டாப் லாஸ் 238.40-ல் வரும், அதாவது வாங்கிய விலையிலிருந்து 5 சதவீதம்கூட இல்லை. ஒரு பங்கு சும்மா இரண்டு நாளில் ஆடுகிற ஆட்டத்திலேயே விற்றுவிடும். இவ்வளவு சின்னத் தொகைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. குறைந்தபட்சக் கட்டணம் இல்லாத இடத்தில் வாங்குங்கள்.

வண்ணாமடையிலிருந்து: 100 பங்குக்கு 233.60 வைத்துவிட்டால் 2,000-க்கு மேல் நஷ்டம் வராது, இல்லையா சார்?

வரும். ராத்திரி கெட்ட செய்தி வந்து காலையில் 225-ல் திறந்தால், இதற்குக் கீழே விற்காதே என்று லிமிட் விலை 233.60 கொடுத்த ஆர்டர் விற்காமல் அப்படியே நிற்கும். மார்க்கெட் விலைக்கு என்று கொடுத்திருந்தால் 225-ஐ ஒட்டி விற்கும், நஷ்டம் 2,850 தாண்டும். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். லிமிட்டை நம்பி ஒருமுறை மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன். அப்புறம், சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்றைக்கு மட்டும்தான். மறுநாள் திரும்பப் போட வேண்டும், இல்லையென்றால் சொன்ன விலை வரும்வரை நாள்கணக்கில் காத்திருக்கும் ஜி.டி.டி. வசதியில் வையுங்கள்.

மறுபடி வேலந்தாவளம், வேறொருவர்: என் 250 ரூபாய்ப் பங்கு இப்போ 310. 8 சதவீதத்தை 310-லிருந்து கழிக்கணுமா?

அது லாபத்தைக் காக்கிற கணக்கு. 310-லிருந்து கழித்தால் 285.20. விற்றால் செலவு லாபத்தில்தான் குறையும், முதலுக்கு ஆபத்தில்லை. ஆனால் ஏறிய பங்குக்கும் அதே 8 சதவீதமா, இன்னும் கொஞ்சம் இடம் விடலாமா என்பதில் எனக்கே இன்னும் ஒரு முடிவு வரவில்லை.