ஃபிலிம்மேக்கர் மோடு: எல்லாவற்றையும் கையால் அணைத்தால் போதாதா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், படத்தை எடுத்தவர் நினைத்தபடியே டிவியில் காட்டும் ஃபிலிம்மேக்கர் மோடு பற்றித்தான். வழக்கம்போலப் பலர் டிவி மாடலை எழுதவில்லை, படம் அதிக வெளிச்ச வீச்சுள்ள எச்டிஆரா, சாதாரண எஸ்டிஆரா என்றும் சொல்லவில்லை. "படம் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் நான் என்ன சொல்ல முடியும்? பதில் சொல்லக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

கே: இந்த மோடைப் போட்டதும் படம் மஞ்சளடித்துப் போகிறது. டிவியில் கோளாறா?

கோளாறு இல்லை. இத்தனை நாள் நீங்கள் பார்த்ததுதான் நீலம். படங்களை எடிட் செய்யும் மானிட்டரில் வெள்ளை என்பது சுமார் 6,500 கெல்வின். விவிட் மோடில் அது 9,000, 10,000 என்று ஏறி நிற்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் எப்போதும் நீலம்தான் ஜெயிக்கும். ஒரு வாரம் மோடைத் தொடாமல் பாருங்கள், கண் பழகிவிடும்.

கே: இது எதையெல்லாம் தானாக அணைக்கிறது?

நடுவில் புது ஃபிரேம்களைச் செருகி அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங், கூடுதல் ஷார்ப்னஸ், நாய்ஸ் ரிடக்‌ஷன், படத்தின் ஓரங்களை வெட்டும் ஓவர்ஸ்கேன், காட்சிக்குக் காட்சி கான்ட்ராஸ்டை ஏற்றி இறக்கும் டைனமிக் கான்ட்ராஸ்ட் போன்ற வேலைகள். இவற்றோடு வெள்ளையையும் நிற எல்லையையும் தரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. டிவி கம்பெனிகளும் சினிமா ஸ்டுடியோக்களும் சேர்ந்த யுஎச்டி அலையன்ஸ் 2019இல் அறிவித்த ஏற்பாடு இது.

இருண்ட பகுதிகளில் மட்டும் பின்னொளியைக் குறைக்கும் லோக்கல் டிம்மிங்கை இது பொதுவாக அணைப்பதில்லை. அது பேனலின் வேலை, படத்தை மெருகேற்றும் வேலை அல்ல. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைச் சுற்றி மங்கலான ஒளி தெரிந்தால் இந்த மோடைத் திட்டாதீர்கள்.

கே: ஸ்டாண்டர்ட் மோடிலேயே மோஷன், ஷார்ப்னஸ், நாய்ஸ் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். நிறத்தையும் வார்மில் வைத்தேன். இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. இதை எத்தனை தடவை எழுதினாலும் அடுத்த மாதம் அதே கேள்வி வந்துவிடுகிறது. அதனால் இம்முறை கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெனுவில் தெரியும் ஸ்லைடர்கள் மட்டும் ஒரு மோடு அல்ல. அடியில் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட படிகளை அமைக்கும் காமா, நிற எல்லை, எச்டிஆர் வெளிச்சத்தைப் பேனலுக்குள் அடக்கும் டோன் மேப்பிங் என்று ஒரு அஸ்திவாரம் இருக்கிறது. அது மோடுக்கு மோடு வேறு. சில டிவிகளில் இவை மூன்றாம் நான்காம் மெனுவுக்குள் புதைந்திருக்கும், சிலவற்றில் மெனுவிலேயே இருக்காது.

உங்கள் டிவியையே எடுத்துக்கொள்வோம். நான்கு விஷயங்களை மாற்றினீர்கள். நிற எல்லையை முடிவுசெய்யும் கலர் ஸ்பேஸைத் தொடவில்லை. ஸ்டாண்டர்டில் அது "நேட்டிவ்" என்று இருந்தால், சாதாரண எச்டி படத்தின் நிறங்களைப் பேனலால் முடிந்த மட்டும் இழுத்துக் காட்டும். முகங்கள் வெயிலில் நின்றதுபோலச் சிவந்து தெரியும். கலர் ஸ்லைடரைக் குறைத்தால் முகம் அடங்கும், ஆனால் கூடவே எல்லா நிறமும் வெளுத்துவிடும். அங்கே வேண்டியது "ஆட்டோ". ஃபிலிம்மேக்கர் மோடு அதை முதலிலேயே செய்திருக்கும்.

டைனமிக் கான்ட்ராஸ்டையும் விட்டுவிட்டீர்கள். அது ஓடுகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இருண்ட காட்சியில் வெள்ளை சப்டைட்டில் வரும்போதும் மறையும்போதும் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். எழுத்து வந்தால் சுவரின் வெளிச்சம் மாறுகிறது, போனால் பழையபடி ஆகிறது என்றால், ஏதோ ஒன்று படத்தில் கை வைக்கிறது. எழுத்தை ஒட்டி மட்டும் மாறினால் லோக்கல் டிம்மிங். திரை முழுக்க மாறினால் டைனமிக் கான்ட்ராஸ்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அப்புறம் அந்த ஷார்ப்னஸ் பூஜ்யம். எல்லா டிவியிலும் பூஜ்யம் என்றால் "ஒன்றும் செய்யாதே" என்று அர்த்தமில்லை. சில கம்பெனிகளுக்கு ஸ்லைடரின் நடுப்புள்ளிதான் அது. அங்கே பூஜ்யத்துக்குப் போனால் படம் வேண்டுமென்றே மழுங்கடிக்கப்படும். படத்தின் பெயர் வரிசை ஓடும்போது நிறுத்தி, எழுத்தின் ஓரத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் ஷார்ப்னஸ் அதிகம். எழுத்தே குழைந்து தெரிந்தால் குறைவு.

கடைசியாக, எல்லோரும் கோட்டைவிடும் இடம். நீங்கள் மாற்றியது எஸ்டிஆர் படம் ஓடும்போது. எச்டிஆர் படம் வந்ததும் பல டிவிகள் அதற்கென்று வேறு ஸ்டாண்டர்ட் மோடை எடுத்துக்கொள்ளும். அங்கே எல்லாமே கம்பெனி வைத்தபடி, மோஷன் ஸ்மூத்திங்கும் சேர்த்து. எச்டிஎம்ஐ போர்ட் மாறினாலும் சில டிவிகளில் இதே கதை. எஸ்டிஆர், எச்டிஆர் இரண்டிலும் தனித்தனியாகப் பாருங்கள் என்று நான் கத்துவது இதற்குத்தான்.

கையால் மாற்றவே கூடாதா என்றால், தாராளமாக மாற்றலாம். ஆனால் ஃபிலிம்மேக்கர் மோடைப் போட்டுவிட்டு அங்கிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் பேனலுக்கே உரிய சின்னப் பிசகுகளை இந்த மோடு அறியாது. அதற்குக் கருவி வைத்து வெள்ளையைச் சரிசெய்ய வேண்டும், வெறும் கண்ணால் முடியாது.

கே: கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும்போது படம் விட்டுவிட்டு நகர்கிறது. கொஞ்சம் ஸ்மூத்திங் வைத்தால் குற்றமா?

முதலில் காரணத்தைப் பார்க்க வேண்டும். படத்தில் நொடிக்கு 24 ஃபிரேம். அதை அப்படியே 60 ஹெர்ட்ஸில் காட்டினால் ஒரு ஃபிரேம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று வரும். அதாவது ஒன்று 50 மில்லிநொடி, அடுத்தது 33. அந்த நொண்டல்தான் கண்ணை உறுத்துகிறது. 120 ஹெர்ட்ஸ் பேனலில் ஒவ்வொன்றும் ஐந்து தடவை, நொண்டல் இல்லை. ஆகவே வெளியே பாக்ஸ் வைத்திருப்பவர்கள் அதை 24இல் அனுப்பச் சொல்லி, ஃபிரேம் ரேட் மேட்ச் போன்ற அமைப்பைப் போடுங்கள்.

அதன் பிறகும் ஓஎல்இடியில் கொஞ்சம் துடிப்பு தெரியும், ஏனென்றால் அந்தப் பேனல் ஃபிரேமை மாற்றும் வேகம் அப்படி. அப்போது ஸ்மூத்திங் மெனுவில் இந்தத் துடிப்பைக் குறைக்கும் டீ-ஜட்டரை மட்டும் ஒன்றிரண்டு புள்ளி வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஏற்றினால் சினிமா நாடக சீரியலாகிவிடும்.

கே: மோடு தானாக மாறும் என்றார்களே, மாறவே இல்லை?

படத்தோடு வரும் தகவலைப் பார்த்து மாற வேண்டும். அந்தத் தகவலை அனுப்பும் படங்களும் ஆப்களும் குறைவு. ரிமோட்டை எடுத்து நீங்களே போடுங்கள். டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகை ஓடும்போது பல டிவிகளில் இந்த மோடு பட்டியலிலேயே இருக்காது. அங்கே சினிமா அல்லது டார்க் மோடு.

கே: பகலில் ஒன்றுமே தெரியவில்லை.

இந்த மோடு இருட்டறைக்காக அமைத்தது. எஸ்டிஆர் படத்துக்கு அடிப்படை வெளிச்சம் சுமார் 100 நிட்ஸ்தான். பேக்லைட்டையோ ஓஎல்இடி லைட்டையோ தாராளமாக ஏற்றுங்கள், மோடு கெட்டுப்போகாது. காமாவையும் கான்ட்ராஸ்டையும் தொடாதீர்கள். பிக்சர் மெனுவுக்கு வெளியே பவர் சேவிங் என்று ஒன்று தனியாக இருக்கும், சில டிவிகளில் அது இந்த மோடையும் மங்கச் செய்யும். அதையும் அணையுங்கள். எஸ்டிஆர், எச்டிஆர் இரண்டிலும்.

கே: செய்தி சேனலில் கீழே ஓடும் வரி முன்பு பாதி வெட்டுப்பட்டது, இப்போது முழுதாகத் தெரிகிறது. எப்படி?

ஓவர்ஸ்கேன் போய்விட்டது. 5 சதவீத ஓவர்ஸ்கேன் என்றால் 1920×1080 படத்தில் இரு பக்கமும் சுமார் 48 பிக்சல், மேலும் கீழும் சுமார் 27 பிக்சல் வெட்டி, மிச்சத்தை இழுத்துத் திரையை நிரப்புவார்கள். வரி போனது மட்டுமல்ல, அந்த இழுப்பில் படம் முழுவதுமே லேசாக மங்கியிருக்கும்.

கே: கேம் விளையாடவும் இதே மோடு போதுமா?

போதாது. கேம் மோடு போடுங்கள், இல்லையென்றால் பட்டனை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதம் தெரியும்.