ஆலையிலிருந்து விலகும் கடிதமும் பேரேட்டில் இருக்கும் 14 லட்சமும்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஓர் அரிசி ஆலை இருக்கிறது. பதிவு செய்த கூட்டு நிறுவனம். அண்ணனுக்கு 40 சதவீதம், எனக்கும் சித்தப்பா மகனுக்கும் 30, 30. விலக விரும்புகிறவர் 3 மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதைத் தவிர, விலகல் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை. ஆலை நிற்கும் இடம் அப்பா காலத்தில் நிறுவனத்தின் பெயரில் ரூ.2,10,000-க்கு வாங்கியது. வங்கிக் கடனுக்கு நானும் ஜாமீன்; என் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. இந்த ஜூலையில் நான் விலகுவதாகச் சொன்னதும் அண்ணன் ஒரு கடிதத்தைத் தயார் செய்து கொண்டுவந்தார். 'கடந்த மார்ச் 31 முதல் விலகுகிறேன். மூலதனக் கணக்கில் உள்ள ரூ.14,20,000-ஐ முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று அதில் இருக்கிறது. பணத்தை 2 ஆண்டுத் தவணையில் தருவாராம். கையெழுத்துப் போடலாமா? பிரச்சினை வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா?

— பாளையங்கோட்டை வாசகர்

பதில்: போடாதீர்கள். அண்ணன் மனதில் கள்ளம் இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. பேரேட்டைப் பார்த்து இருப்பை எழுதிக் கொடுப்பது பல ஆடிட்டர் அலுவலகங்களில் உள்ள வழக்கம்தான். ஆனாலும் அந்த இரண்டு வரிகளில் உங்களுக்கு எதிராக மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

நுகர்வோர் ஆணையக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் ஆலையின் வாடிக்கையாளர் அல்ல, உரிமையாளர்களில் ஒருவர். பங்காளிகளுக்கு இடையிலான கணக்குத் தகராறு அங்கே நிற்காது. ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கு இடம் இருந்தால் அந்த வழி, இல்லையென்றால் உரிமையியல் நீதிமன்றம். இரண்டும் இழுக்கக்கூடியவை என்பதால்தான் கடிதத்திலேயே கவனம் வேண்டும் என்கிறேன்.

முதல் சிக்கல், விலகலும் பணத் தீர்வும் ஒரே தாளில் இருப்பது. விலகல் கடிதம் என்பது நீங்கள் ஒருவர் மட்டும் கொடுக்கும் அறிவிப்பு. ஒப்பந்தத்தில் சொன்னபடி அதைக் கொடுத்துவிட்டால், கூட்டாண்மைச் சட்டம் 1932, பிரிவு 32-இன்படி நீங்கள் விலகலாம். அதற்கு மற்றவர்களின் சம்மதம்கூடத் தேவையில்லை. பணத் தீர்வு அப்படியல்ல. அது மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக் கையெழுத்திடும் தனிப் பத்திரம். இன்னும் கைக்கு வராத பணத்தை 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு தவணை கேட்பது, பணம் வாங்காமலே ரசீது எழுதிக் கொடுத்த கதைதான்.

ஆகவே கடிதத்தை நீங்களே எழுதுங்கள். இவ்வளவு போதும்:

'நமது கூட்டாண்மை ஒப்பந்தத்தில் உள்ள 3 மாத அறிவிப்பு விதியின்படி, வரும் அக்டோபர் 31ஆம் தேதி வேலைநேர முடிவில் நான் நிறுவனத்திலிருந்து விலகுகிறேன். அந்த நாளுக்குரிய ஐந்தொகையைத் தயாரித்து, சொத்துகளையும் கடன்களையும் அன்றைய மதிப்பில் கணக்கிட்டு, என் பங்கைத் தீர்த்துத் தர வேண்டுகிறேன். பங்கு முழுமையாகத் தீரும்வரை சட்டப்படி எனக்குள்ள உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.'

அண்ணனுக்கு ஒன்று, சித்தப்பா மகனுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ஜூலை 31-க்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் 3 மாதக் கணக்கு சரியாக வரும். கோபத்தில் 'கூட்டைக் கலைக்கிறேன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நிறுவனத்தையே கலைப்பது வேறு நடவடிக்கை. அதன் விளைவுகளும் வேறு. நீங்கள் கேட்பது வெளியேற வழி, ஆலைக்குப் பூட்டு அல்ல.

இரண்டாவது சிக்கல் அந்த மார்ச் 31. பின்தேதியிட்டால் ஏப்ரல் முதல் உழைத்த மாதங்களின் லாபம் உங்களுக்கு இல்லை என்றாகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஜி.எஸ்.டி.யில் இருக்கிறது. பங்குதாரர் விலகினால், விலகிய தேதியை ஒரு மாதத்துக்குள் ஜி.எஸ்.டி. ஆணையருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால் விலகிய நாள்வரையான வரிப் பாக்கிக்கு மட்டுமே அவர் பொறுப்பு. தவறினால், அறிவிப்பு ஆணையருக்குப் போய்ச் சேரும் நாள்வரை பொறுப்பு நீடிக்கும். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 90ஆம் பிரிவு இது. மார்ச் 31 என்று ஜூலையில் எழுதினால் அந்த ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. ஆலையில் பங்கு இல்லாமலே அதன் வரிப் பாக்கிக்கு மட்டும் பொறுப்பாளியாக இருப்பீர்கள்.

அக்டோபர் இறுதி என்பதில் ஒரு தொந்தரவு உண்டு. கார் அறுவடை நெல் கிட்டங்கியில் இருக்கும் காலம் அது. பிசானப் பருவத்து மிச்சமும் கொஞ்சம் கிடக்கலாம். எனவே அன்றைய இருப்பை மூட்டை எண்ணி, எடை பார்த்து, மூவரும் கையெழுத்திட்ட பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள். நெல் கொடுத்த விவசாயிகளுக்கு இன்னும் தர வேண்டிய தொகையையும் அதே தாளில் எழுதுங்கள். நெல்லை மட்டும் எண்ணி, அதற்கான கடனை விட்டுவிட்டாலும் கணக்கு தப்பு. கடனை எழுதி நெல்லை விட்டாலும் தப்பு.

மூன்றாவதுதான் முக்கியம். மூலதனக் கணக்கின் இருப்பு வேறு, உங்கள் பங்கின் மதிப்பு வேறு. நீங்கள் போட்ட பணம், சேர்ந்த லாபம், எடுத்த பணம் ஆகியவைதாம் அந்தக் கணக்கில் இருக்கும். இடத்தின் விலை ஏறியது அங்கே ஏறாது. விலகும்போது புத்தக மதிப்பே போதும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அது உங்களைக் கட்டுப்படுத்தும். உங்கள் ஒப்பந்தம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே உண்மை மதிப்பைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எண்களை வைத்துப் பார்ப்போம். உங்கள் புத்தகங்கள் என் கையில் இல்லாததால், 14,20,000-யும் 2,10,000-யும் தவிர மற்றவை ஊகமாக எடுத்துக்கொண்டவை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை லாபம் 6 லட்சம் என்றால் உங்கள் பங்கு 1,80,000. மாதம் 20,000 வீதம் வீட்டுச் செலவுக்கு எடுத்திருந்தால் 7 மாதத்துக்கு 1,40,000 கழியும். மூலதனக் கணக்கு 14,60,000-இல் நிற்கும்.

அடுத்து மறுமதிப்பீடு. பேரேட்டில் 2,10,000 என்று இருக்கும் இடம் இன்று 62,10,000 பெறும் என்று அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் சொன்னால் ஏற்றம் 60 லட்சம். ஆனால் எல்லாமே ஏறாது. 18 லட்சம் என்று எழுதியிருக்கும் பழைய இயந்திரம் 14 லட்சம்தான் பெறும் என்றால் 4 லட்சம் இறக்கம். கேரளத்து வியாபாரிகளிடம் நெடுநாளாக நிற்கும் பாக்கியில் 6 லட்சம் வராது என்றால் அதுவும் இறக்கமே. இந்த இரண்டையும் அண்ணன் எடுத்துச் சொல்வார். சொல்வது நியாயம், மறுக்காதீர்கள். நிகர ஏற்றம் 50 லட்சம். அதில் 30 சதவீதம் 15 லட்சம்.

ஆலையின் பெயருக்கும் ஒரு விலை உண்டு. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை நற்பெயரும் நிறுவனத்தின் சொத்துதான். சராசரி ஆண்டு லாபத்தை இரண்டு அல்லது மூன்றால் பெருக்குவது வழக்கமான முறை. எத்தனை மடங்கு என்பது பேச்சுவார்த்தையில் முடிவாகும். சராசரி 10 லட்சம், இரண்டு மடங்கு என்றால் 20 லட்சம். உங்கள் பங்கு 6 லட்சம்.

ஆக 14,60,000-உடன் 15 லட்சமும் 6 லட்சமும் சேர்ந்து 35,60,000. கடிதத்தில் எழுதியிருக்கும் 14,20,000 இதில் பாதிகூட இல்லை.

இங்கே அண்ணன் தரப்பு ஆடிட்டர் வரியைப் பற்றிப் பேசுவார். அதுவும் உண்மைதான். 2021-இல் வருமான வரிச் சட்டத்தில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, விலகுகிறவருக்கு மூலதன இருப்புக்கு மேல் கொடுக்கும் தொகைக்கு நிறுவனம்தான் மூலதன ஆதாய வரி கட்ட வேண்டும். மறுமதிப்பீட்டையும் நற்பெயரையும் கணக்கில் ஏற்றி இருப்பை உயர்த்திக் காட்டினாலும் அந்த உயர்வை வரிக் கணக்கு ஏற்காது. நம் உதாரணத்தில் அந்தக் கூடுதல் 21 லட்சம். அந்த வரிச்சுமையை மூவரும் எப்படிப் பகிர்வது என்பதைத் தீர்வுப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் அது அடுத்த சண்டை.

தவணையை ஒப்புக்கொள்ளலாம். ஓடும் ஆலையிலிருந்து ஒரே நாளில் 35 லட்சத்தை உருவினால் நெல் வாங்கப் பணம் இருக்காது. ஆனால் ஒவ்வொரு தவணையின் தேதியும் வட்டியும் பத்திரத்தில் இருக்க வேண்டும். கணக்கைத் தீர்க்காமலே மற்றவர்கள் வியாபாரத்தைத் தொடர்ந்தால், உங்கள் பங்கைப் பயன்படுத்தியதால் வந்த லாபத்தையோ, பங்குத் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ நீங்கள் கேட்கலாம் என்கிறது பிரிவு 37. எது வேண்டும் என்ற தேர்வு உங்களுடையது. பேச்சுவார்த்தையில் 6-ஐ விடக் கூடுதலாகவும் கேட்கலாம்.

விலகிய பிறகு ஊருக்கும் தெரிவிக்க வேண்டும். உங்கள் பெயரை நம்பி நெல் தரகர் ஒருவர் அடுத்த பருவத்தில் கடனுக்குச் சரக்குப் போட்டால், பொது அறிவிப்பு கொடுக்காதவரை அவர் உங்களையும் கேட்க முடியும். பதிவு செய்த நிறுவனம் என்பதால் அறிவிப்பு மூன்று இடத்துக்குப் போக வேண்டும்: நிறுவனங்களின் பதிவாளர், அரசிதழ், மாவட்டத்தில் புழங்கும் ஒரு தமிழ் நாளிதழ். நாளிதழோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம், அது போதாது. இதை நீங்களே செய்யலாம், அண்ணனுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வங்கி மட்டும் இந்த அறிவிப்புக்கெல்லாம் அசையாது. விலகும் நாள்வரை வாங்கிய கடனுக்கு உங்கள் ஜாமீன் அப்படியே நிற்கும். வங்கி, தொடரும் பங்குதாரர்கள், நீங்கள் என மூன்று தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் விடுதலை. அறிவிப்புக் கடிதத்தின் நகலுடன் இப்போதே மேலாளருக்கு எழுதி, அக்டோபர் 31 நிலவரப்படி கடன் நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் ஜாமீனுக்கு மாற்றாக அண்ணன் வேறு சொத்தைக் காட்ட வேண்டியிருக்கும். அதற்கு வங்கியில் சில வாரங்களாவது ஆகும். ஜாமீனிலிருந்து விடுவித்த கடிதமும் வீட்டுப் பத்திரமும் கைக்கு வரும் அன்று தீர்வுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.