முதல் மின்னஞ்சலிலேயே வாங்குபவருடைய தயக்கத்தைச் சொல்லலாமா? கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டில், பழைய டயருக்குப் புதுத் தோல் ஒட்டிய ரீட்ரெட் டயர் விற்கிறேன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி முதலாளிகள் 14 பேருக்கு மின்னஞ்சல் போட்டேன். ஒருவரும் பதில் தரவில்லை. கடிதத்தை இணைத்திருக்கிறேன். பிழை எங்கே, அண்ணா?

படித்தேன், தம்பி. முதல் ஐந்து வரியும் உங்கள் கடையைப் பற்றியே பேசுகின்றன. ரீட்ரெட் என்ற சொல்லைப் பார்த்ததும் லோரி முதலாளியின் கண்ணில் தெரிவது வேறு: மழையில் ஊறிய செம்மண் பாதை, முழுப் பாரம், தோல் உரிந்து தொங்கும் பின்சக்கரம். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். அவருடைய அச்சம் வழியில் நின்றுபோவதைப் பற்றியது. நீங்களோ பாதி விலை என்று பேசுகிறீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஐயா, உங்கள் லோரிகள் தோட்டத்துப் பாதையில் குலை ஏற்றிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ரீட்ரெட் என்றதும், பாரத்தோடு பாதி வழியில் தோல் உரிந்துவிடுமோ என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படி அனுபவப்பட்டவர்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அதனால் முன்சக்கரத்துக்கு நாங்கள் கொடுப்பதில்லை. பின்சக்கரத்துக்கும், பக்கச்சுவரில் வெட்டில்லாத டயராகப் பார்த்துத்தான் ஒட்டுகிறோம். உங்கள் பழைய டயர்களில் எது தேறும், எது தேறாது என்று ஒருமுறை வந்து பார்த்துச் சொல்லட்டுமா?"

'தோன்றலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'உங்களுக்குப் பயம்' என்று எழுதினால் அவருக்குச் சுருக்கென்று இருக்கும். அடுத்து, 'அதனால்' இருக்கும் இடத்தில் 'ஆனால் எங்கள் டயர் அப்படியல்ல' என்று போட்டால் வழக்காட வந்தவர் போல ஆகிவிடும். அதுவரை காட்டிய பரிவு வீணாகும். 'அதனால்' என்றால் அவருடைய கவலைக்கு ஏற்ப நீங்கள் வேலையை மாற்றிக்கொண்டதாகப் பொருள். உண்மையிலேயே அப்படிச் செய்தால் மட்டும் எழுதுங்கள்.

நான் முப்பது வருடம் சந்தையில் கடை போட்டவன். நம் குறையை நாமே எடுத்துச் சொன்னால் வாங்க வந்தவரும் போய்விடுவார்.

பாதி சரி, ஐயா. அவர் நினைக்காத குறையைச் சொன்னால் போகத்தான் செய்வார். நான் கணக்கு மென்பொருள் விற்ற காலத்தில், ஒரு குத்தகைக்காரருக்கு 'உங்கள் கணக்கு வெளியே கசியுமோ என்று கவலைப்படலாம்' என்று எழுதினேன். 'கசியுமா?' என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அதோடு பேச்சு முடிந்தது. அவர் மனத்தில் இல்லாத சந்தேகத்தை நானே விதைத்துவிட்டேன். அதிலிருந்து, வேண்டாம் என்றவர்கள் தாமாகச் சொன்ன காரணத்தைத்தான் எழுதுகிறேன். மூன்று பேர் வாயிலிருந்தாவது வந்திருக்க வேண்டும். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும்.

தரம், விலை, தவணை, உத்தரவாதம் என்று நான்கு தயக்கத்தையும் எழுதிவிடலாமா?

ஒன்று போதும். நான்கும் சேர்ந்தால் குற்றப்பத்திரிகை ஆகிவிடும்.

என் வாடிக்கையாளர் ஒருவர் திட்டி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். அவருக்கும் இந்த முறையில் எழுதலாமா, அண்ணா?

அது வேறு விஷயம், அம்மா. அவருக்கு எழுதாதீர்கள், இன்றே தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

விலை அதிகம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அதை முதலிலேயே சொன்னால் என்ன?

இன்று இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். அவர் இன்னும் விலையைப் பார்க்கவில்லை. பார்க்காத விலையை அதிகம் என்று நீங்களே ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்? மேலே குத்தகைக்காரர் கதையைப் படியுங்கள்.

சந்தைக்காரன்தான் மறுபடியும். கடையில் நான் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றுவேன். கடிதத்தில் முகம் ஏது? நேரில் போவதே மேல்.

முகம் தெரியாததால்தான் அவர் நெற்றி சுருங்கும் இடத்தை முன்கூட்டியே யோசித்து எழுதச் சொல்கிறேன். ஆனால் பத்து மைலுக்குள் இருப்பவரிடம் நேரில் போவதே நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஈப்போ அலுவலகத்தில் இருப்பவருக்குக் கடிதம்தானே முதலில் போகிறது?

போகட்டும். அங்கேயும் பஸ் ஓடுகிறது.

இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், ஐயா.

டயர்க்கடைத் தம்பி. நீங்கள் சொன்னபடி நான்கு பேருக்கு அனுப்பினேன். ஒருவர் பதில் போட்டார்: 'தோல் உரிவது அல்ல என் பிரச்சினை. முன்பு ஒருவரிடம் கொடுத்த டயர் சொன்ன நாளில் திரும்பி வரவில்லை.' என் கணிப்புத் தப்பிவிட்டதா?

தப்பினாலும் அவரைப் பேச வைத்திருக்கிறது. 'தோன்றலாம்' என்று எழுதியதால் 'அதுவல்ல, இது' என்று திருத்த அவருக்கு இடம் கிடைத்தது. மற்ற பத்துப் பேருக்கான கடிதத்தை இவர் ஒருவர் சொன்னதற்காக மாற்றாதீர்கள். இவருக்கு மட்டும், டயரை எந்த நாளில் எடுப்பீர்கள், எந்த நாளில் திரும்பக் கொடுப்பீர்கள், அதுவரை லோரிக்கு எந்தச் சக்கரத்தை மாட்டித் தருவீர்கள் என்று மூன்று வரியில் எழுதுங்கள். எழுதுமுன் பட்டறையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.